நாலும் அஞ்சும் சேர்ந்த வகுப்பில் டோட்டோ-சான்

எங்களுடையது பல்லடம் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி. முதல் மூன்று வகுப்புகள் தலைமையாசிரியரிடம், நான்கும் ஐந்தும் ஒரே அறையில் என்னிடம். 23 பிள்ளைகள். கற்றல் நிலையைக் கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் கணக்குப்படி சொன்னால் அரும்பும் மொட்டும் மலரும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கும். தினசரித் தாளை எடுத்துச் சரளமாகப் படிக்கும் ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்குப் பக்கத்தில், ‘கொக்கு’ என்பதை எழுத்துக் கூட்டவே திணறும் பையன். தறிக்குடோனில் வேலைக்கு வந்த பீகார்க் குடும்பத்துப் பையன் ஒருவன், தமிழ் பாதி புரியும், பேச வராது. ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் இருக்க முடியாத ஒருத்தன். பிறந்ததிலிருந்தே இடது கால் சற்று வளைந்து, இழுத்து நடக்கும் ஒருத்தன்.

இந்த வகுப்புக்கு ஒரு முழுப் புத்தகத்தை, படம் போட்ட எட்டுப் பக்கக் கதை அல்ல, அத்தியாயம் அத்தியாயமாகப் போகும் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டலாம் என்று நினைத்ததற்குக் காரணம் எளிது. எழுத்துக் கூட்டத் தெரியாத பையனுக்குக் கதை புரியாமல் போவதில்லை. வீட்டில் சீரியல் கதையை முந்தாநாள் விட்ட இடத்திலிருந்து பிசகாமல் சொல்கிறான். வாசிப்பில் இரண்டாம் வகுப்பு நிலையில் இருப்பவன் காதால் கேட்டுப் புரிந்துகொள்வதில் ஐந்தாம் வகுப்பில்தான் இருக்கிறான். வகுப்பில் எல்லாரையும் ஒரே மட்டத்தில் உட்கார வைக்கக்கூடிய வேலை இது ஒன்றுதான். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: காதால் கேட்பதால் எழுத்து வந்துவிடாது. அரும்பு நிலைப் பிள்ளைகளுக்கான எழுத்துப் பயிற்சி அதன் நேரத்தில் அது பாட்டுக்கு நடக்க வேண்டும். கதை நேரத்தை அதற்கு ஈடாகக் காட்டிக் கணக்கு முடிக்கக் கூடாது.

எடுத்த புத்தகம் ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. டோட்டோ என்று அழைக்கப்பட்ட தன் சிறுவயதுப் பள்ளி நாட்களைப் பற்றி டெட்சுகோ குரோயாநாகி எழுதி 1981-இல் ஜப்பானில் வெளியிட்டது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது. ஆசிரியர்கள் பலரும் தங்களுக்காகப் படிக்கும் புத்தகம்தான். நான் பிள்ளைகளுக்கு எடுத்ததற்குக் காரணம் அதன் கல்விச் சிந்தனை இல்லை, அத்தியாயங்களின் நீளம். அறுபதுக்குக் கொஞ்சம் மேல் அத்தியாயங்கள், பெரும்பாலும் மூன்று நான்கு பக்கங்களுக்குள் முடிந்துவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு சம்பவம். எங்கள் ஊரில் நோம்பி, காது குத்து, அப்பாவுக்கு ஷிப்ட் மாற்றம் என்று தினம் மூன்று நான்கு பேர் வர மாட்டார்கள். ஒரே நீளக் கதை என்றால் இரண்டு நாள் வராதவன் அறுந்துபோவான். இதில் ஒரு நாள் விட்டாலும் மறுநாள் வந்து ஒட்டிக்கொள்ளலாம். கலவை வகுப்புக்குப் புத்தகம் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கதை நல்லதா என்பதெல்லாம் பிறகு.

நேரம் மதியச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம். அதில் வாசிப்பு பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம்தான். மிச்சம் பேச்சு.

வாசிக்கும் முன் வேலை அதிகம். முந்தின நாள் சாயங்காலம் அத்தியாயத்தைப் பென்சிலோடு ஒரு தடவை வாய்விட்டுப் படிப்பேன். மனசுக்குள் படித்தால் எங்கே மூச்சு வாங்கும் என்று தெரியாது. பென்சிலால் மூன்று வேலை. நீள வாக்கியங்களை எங்கே உடைப்பது என்று கோடு போடுவேன். ‘இங்கே நிறுத்து’ என்று ஓரிடத்தில் வட்டம் போடுவேன், ஓரிடத்தில் மட்டும். பிள்ளைகளுக்குப் புரியாத பொருள் ஏதாவது வந்தால் ஓரத்தில் அதற்கு நாலு வார்த்தையில் விளக்கம் எழுதிக்கொள்வேன். ரயில் நிலையத்தில் டிக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஆள் முதல் அத்தியாயத்திலேயே வருகிறார். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் ரயிலில் ஏறியதில்லை. “பஸ்ஸுல கண்டக்டர் டிக்கெட் குடுப்பாரு, அங்க எறங்கும்போது திருப்பி வாங்கிக்குவாங்க” என்று வாசிக்கும் ஓட்டத்திலேயே சொல்லிவிட்டுப் போனால் போதும். அங்கே நிறுத்திக் கரும்பலகைக்குப் போய்ப் பொருள் எழுதிப்போட்டால் கதை செத்துவிடும்.

மொழி விஷயத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கதைசொல்லும் பகுதியைப் புத்தகத்தில் உள்ளபடியே எழுத்துத் தமிழில் வாசிப்பேன். பேச்சு வரும் இடங்களை மட்டும் பேச்சுத் தமிழுக்கு இறக்கிவிடுவேன். முழுவதையும் கொங்குப் பேச்சில் சொன்னால் அது வாசிப்பாகாது, கதை சொல்வதாகிவிடும். எழுத்துத் தமிழின் ஓட்டம் அவர்கள் காதில் ஏறாது. முழுவதையும் எழுத்துத் தமிழில் வாசித்தாலோ ஏழு வயசு டோட்டோ பட்டிமன்றத்தில் பேசுவதுபோல் இருக்கும். குரலை மாற்றி மாற்றி நடித்துக் காட்டுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. முதல் வாரம் பிள்ளைகள் சிரிப்பார்கள், அப்புறம் கதையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். வேகத்தைக் குறைப்பதும், ஒரு வரி முடிந்ததும் தலையைத் தூக்கிப் பார்ப்பதும் அதைவிட நன்றாக வேலை செய்யும்.

ஜப்பான் பெயர்கள்தான் முதல் தடை. யாசுவாகி, தகாஹாஷி, கோபயாஷி என்று ஒன்றின் மேல் ஒன்றாக வந்தால் பெரியவர்களுக்கே குழம்பும். ஒரு சார்ட்டில் ஆள் வரும் அன்றைக்கு ஒரு முகத்தை ஒட்டிப் பெயரெழுதுவோம். முகத்தை வரைவது பிள்ளைகள். புத்தகம் பாதி வந்தபோது அந்தச் சார்ட்டுக்கு இன்னொரு பயனும் தெரிந்தது. எழுத்துக் கூட்டத் திணறும் பையன் ‘ராக்கி’ என்ற பெயரை, அந்த நாயின் படத்துக்குக் கீழே, தயங்காமல் வாசித்தான்.

உட்காரும் முறை: அரைவட்டம், இரண்டு இரண்டு பேராக. ஜோடியை நான்தான் போடுவேன். நன்றாகப் படிப்பவரும் படிக்காதவரும் என்று போட்டால் ஒருவர் டீச்சராகி மற்றவர் வாய் மூடிவிடுவார். அதனால் அதிகம் பேசுபவருக்கு நிதானமாகப் பேசுபவர் என்று போடுவேன். வாசிப்பு நிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஓரிடத்தில் இருக்க முடியாதவனுக்குச் சுவரோரம், கதவுக்கு எதிர்ப்பக்கம். அவன் நிற்கலாம், சுவரில் சாய்ந்து ஆடலாம், கையில் களிமண் வைத்துப் பிசையலாம். பக்கத்தில் இருப்பவரைத் தொடக் கூடாது, அவ்வளவுதான் விதி. பார்க்க வந்த ஒரு அதிகாரி “அந்தப் பையன் கவனிக்கவே இல்லையே” என்றார். டோட்டோவைப் பழைய பள்ளியிலிருந்து ஏன் அனுப்பினார்கள் என்று அவனிடமே கேட்கச் சொன்னேன். மேசை மூடியை ஓயாமல் திறந்து திறந்து மூடியது, ஜன்னலில் நின்று தெருவில் போன வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டது, கூடு கட்டிய குருவியோடு பேசியது, கொடி வரையச் சொன்னால் தாளைத் தாண்டி மேசை மேலும் வரைந்தது என்று களிமண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் வரிசையாகச் சொன்னான்.

அமைதியாக இருப்பதை வைத்துக் கேட்கிறார்கள் என்று முடிவு கட்டவே முடியாது. கை கட்டி என்னையே பார்த்துக்கொண்டு வேறெங்கோ இருக்கும் பிள்ளைகள் உண்டு. நான் பார்ப்பது சிரிப்பை. வேடிக்கையான இடம் வந்ததும் பெரும்பாலோர் சிரிப்பார்கள். இரண்டு மூன்று பேர் அரை விநாடி தாமதமாகச் சிரிப்பார்கள். மற்றவர்கள் சிரித்ததைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்த இரண்டு மூன்று பேர் கதையைத் தவறவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்களை நோக்கிக் கேள்வி கேட்டு மாட்டிவிடுவதில் பயனில்லை. கடைசியாக வாசித்த பத்தியை, “இந்த இடத்தை இன்னொரு தடவை வாசிக்கறேன், எனக்குப் புடிச்சிருக்கு” என்று சொல்லி மறுபடி வாசித்துவிடுவேன். ஒருவரையும் குறிப்பிடாமல் அவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள்.

பீகார்ப் பையன்தான் அந்த மூன்று பேரில் தினமும் ஒருத்தன். அவன் ஊரில் இரண்டாவது வரை ஹிந்தியில் படித்திருக்கிறான். அவன் அண்ணன் எட்டாவது வரை. இதே நேஷனல் புக் டிரஸ்ட் இதே புத்தகத்தை ஹிந்தியிலும் போட்டிருக்கிறது. வரவழைத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். முந்தின நாள் ராத்திரி அண்ணன் ஹிந்தியில் வாசித்துக் காட்டுவான், மறுநாள் மதியம் இவன் அதையே தமிழில் கேட்பான். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் தமிழ்ச் சொற்கள் தாமாக அவனுக்குப் பிடிபட ஆரம்பித்தன. எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்று தெரிந்திருந்ததால் முதலில் சிரிப்பவனாகவும் ஆனான். அண்ணனுக்கு ராத்திரி ஷிப்ட் வரும் வாரங்களில் இது நடக்காது. அப்போது காலை இறைவணக்கத்துக்கு முன், எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் மூன்று வாக்கியத்தில் கதையைச் சொல்லிவிடுவேன். முழு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. யார், எங்கே, என்ன சிக்கல், இது தெரிந்தால் போதும். முடிவைச் சொல்ல மாட்டேன்.

நேற்றைய கதையை நினைவுபடுத்துவது இன்னொரு பொறி. “நேத்து என்ன படிச்சோம்?” என்று கேட்டால் கை தூக்குவது தினம் அதே நாலு பேர். அதற்குப் பதில் நேற்று வராத பிள்ளையை முன்னால் கூப்பிட்டு உட்கார வைப்பேன். கேள்வி அந்தப் பிள்ளை கேட்க வேண்டும், வகுப்பு பதில் சொல்ல வேண்டும். தெரிந்ததையே டீச்சரிடம் ஒப்பிப்பதற்கும், நிஜமாகவே தெரியாத ஒருத்தருக்குச் சொல்வதற்கும் பிள்ளைகள் காட்டும் ஆர்வத்தில் எவ்வளவு வித்தியாசம்! “அப்புறம் பர்ஸு கெடச்சுதா?” என்று அந்தப் பிள்ளை கேட்டால், வகுப்பில் வாயே திறக்காத பெண் “இல்லடி, ஆனா திட்டவே இல்ல” என்பாள். எல்லாரும் வந்திருந்தால், அது அபூர்வம், நானே வராதவளாகிக்கொள்வேன்.

அந்தப் பர்ஸ் அத்தியாயத்தைச் சும்மா வாசித்துவிட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டோட்டோ தன் பர்ஸைக் கக்கூஸ் குழிக்குள் போட்டுவிட்டு, நீளக் கைப்பிடி போட்ட அகப்பையால் குழியிலிருப்பதை எல்லாம் அள்ளி வெளியே குவிக்கிறாள். அந்த வழியாக வந்த தலைமையாசிரியர் கோபயாஷி, முடிந்ததும் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுவிடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். வகுப்பு உருண்டு புரண்டு சிரிக்கும். அடக்கப் பார்க்காதீர்கள், புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிட்டுச் சிரிப்பு தானாக ஓயட்டும் என்று காத்திருங்கள். நாமும் சிரித்தால் இன்னும் சீக்கிரம் ஓயும். அதற்குப் பிறகுதான் தலைமையாசிரியர் வரும் இடத்தை வாசிக்க வேண்டும். சிரிப்புக்கு நடுவே வாசித்தால் அந்த ஒரு வரி யார் காதிலும் விழாது, அத்தியாயமே வீண்.

இனி நிறுத்துமிடம். ஒரு அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். டோட்டோவின் பள்ளியில் வகுப்பறைகள் எல்லாம் ஓடி ஓய்ந்த ரயில் பெட்டிகள். புதிதாக ஒரு பெட்டி வரப்போகிறது, அதுவும் ராத்திரியில், என்று பிள்ளைகளுக்குத் தெரிய வருகிறது. பள்ளி வரைக்கும் தண்டவாளம் கிடையாது. எப்படி வரும்? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பார்த்தே தீர வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்க, அவர் வீட்டில் அனுமதி வாங்கி ராத்திரிச் சாப்பாடு முடித்து, போர்வையும் இரவு உடுப்புமாக வரச் சொல்கிறார். பள்ளியிலேயே தூங்கி, விடியும் முன் எழுப்பப்பட்டு, பெட்டி வருவதைப் பார்க்கிறார்கள். பெரிய வண்டியில் ஏற்றி, டிராக்டர் இழுத்து வருகிறது. உருளைக் கட்டைகள் போட்டு இறக்குகிறார்கள்.

இதில் எங்கே நிறுத்துவது? அத்தியாயத்தின் முடிவில் நிறுத்துவதுதான் வழக்கம். அப்போது பேச ஒன்றும் மிஞ்சாது, “நல்லா இருந்துச்சு டீச்சர்” என்பதோடு சரி. பெட்டியைப் பார்க்கப் பிள்ளைகளை எழுப்பும் இடத்தில் நிறுத்தினால் திகில் இருக்கும். ஆனால் அங்கே சொல்வதற்கு யாரிடமும் ஒன்றும் இருக்காது, வெறும் காத்திருப்பு. நான் வட்டம் போட்டது அதற்கு முன்னால். பெட்டி வரப்போகிறது என்று தெரிந்து, புத்தகத்துப் பிள்ளைகள் தங்கள் யோசனைகளைச் சொல்லத் தொடங்குவதற்குச் சற்று முன். தண்டவாளம் இல்லாத ஊருக்குள் ரயில் பெட்டியைக் கொண்டுவருவது எப்படி என்பது, படிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே அளவு கஷ்டமான கேள்வி. நல்ல நிறுத்துமிடத்துக்கு நான் வைத்திருக்கும் உரைகல் இதுதான்: அங்கே எழும் கேள்விக்குப் பதில் சொல்லப் புத்தக அறிவு தேவைப்படக் கூடாது.

புத்தகத்தை மூடிவிட்டு, “பக்கத்துல இருக்கறவங்ககிட்டச் சொல்லுங்க, எப்படி வரும்?” என்றேன். ஒரு நிமிடம். முழு வகுப்பிடம் கேட்டிருந்தால் நாலு பேர் சொல்லியிருப்பார்கள். ஜோடியில் என்றால் எல்லாரும் பேசியாக வேண்டும். சத்தம் வரும், பரவாயில்லை. நான் எழுந்து சுற்றி வந்து காதைக் கொடுத்துக் கேட்பேன். அன்றைக்கு எழுத்துக் கூட்டத் திணறும் பையன், அவன் அப்பா லாரி ஓட்டுகிறார், காற்றாலை இறக்கையை ஏற்றிப் போகும் வண்டியைப் பற்றித் தன் ஜோடியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். எங்கள் பக்கத்து ரோட்டில் அந்த வண்டிகள் போகும், முன்னாலும் பின்னாலும் ஆள் வைத்து, திருப்பத்தில் மணிக்கணக்கில் நிற்கும். “அந்த மாதிரி வண்டில ஏத்தி ராத்திரி கொண்டாருவாங்க. பகல்ல ரோட்டுல உட மாட்டாங்க.” ஏன் ராத்திரியில் வருகிறது என்பதற்கும் சேர்த்துக் காரணம் சொல்லிவிட்டான். நான் சரி, தப்பு ஒன்றும் சொல்லவில்லை. நாலைந்து யோசனைகளைச் சொன்னவர் பெயரோடு கரும்பலகையில் எழுதி அழிக்காமல் விட்டுவிட்டேன். மறுநாள் மிச்சத்தை வாசித்துப் பெரிய வண்டி வந்த இடத்தில் வகுப்பு மொத்தமும் திரும்பி அவனைப் பார்த்தது.

கேள்வி ஒன்றே ஒன்று, அதுவும் இந்த மாதிரிக் கேள்வி. “டோட்டோவின் அம்மா ஏன் கவலைப்பட்டார்?” என்பதுபோல் பாடநூல் பின்பக்கக் கேள்விகளை நடுவில் கேட்டால் இரண்டே நாளில் பிள்ளைகள் கதை கேட்பதை விட்டுவிட்டுப் பதில் பொறுக்க ஆரம்பிப்பார்கள்.

அவசரக்காரர்கள் ஒரு பிரச்சினை. சரளமாகப் படிக்கும் அந்தப் பெண் இடைவேளையில் புத்தகத்தை எடுத்து ஐந்தாறு அத்தியாயம் முன்னால் போய்விட்டாள். போகட்டும், படிப்பதைத் தடுப்பதா? ஆனால் நிறுத்துமிடத்தில் அவள் வாயைத் திறந்தால் எல்லாருக்கும் சப்பென்று ஆகிவிடும். அவளுக்கு என் வேலையில் பாதியைக் கொடுத்தேன். முன்கூட்டிப் படித்த அத்தியாயத்தில் எங்கே நிறுத்தலாம் என்று அவளும் ஒரு சீட்டில் எழுதி வைக்க வேண்டும். அவள் காட்டிய இடம் என் இடத்தைவிட நன்றாக இருந்த நாட்களில் அங்கேயே நிறுத்தினேன். ஜோடிப் பேச்சில் அவள் பேசுவதில்லை, சுற்றி வந்து கேட்பவள். ரகசியம் காப்பதில் அவளுக்கு ஒரு பெருமையும் வந்துவிட்டது.

புதுப் பெட்டிக்கு அடுத்ததே நீச்சல்குள அத்தியாயம். பிள்ளைகள் எல்லாரும் உடுப்பில்லாமல் நீந்துகிறார்கள். உடம்பைப் பற்றிய கூச்சமும் ஏளனமும் பிள்ளைகளுக்கு வந்துவிடக் கூடாது என்பது கோபயாஷியின் எண்ணம். போலியோ வந்த பிள்ளைகளையும் மனதில் வைத்துத்தான் அப்படிச் செய்தார். நல்ல எண்ணம்தான். ஆனாலும் ஆணும் பெண்ணும் கலந்த என் வகுப்பில் அதை நான் வாசிக்கவில்லை. பத்து வயசில் அந்தக் கிசுகிசுப்பு ஒரு வாரத்துக்கு ஓயாது, வீட்டிலிருந்து கேள்வியும் வரும். சத்தமாக வாசிக்கும்போது ஒரு அத்தியாயத்தைத் தாண்டிப் போவது குற்றமில்லை. அவர்கள் தனியாகப் படிக்கும்போது படித்துக்கொள்வார்கள்.

தாண்டிப் போகக் கூடாத அத்தியாயங்கள் இரண்டு இருந்தன.

ஒன்று, மரமேறும் அத்தியாயம். யாசுவாகிக்குப் போலியோவால் கை கால் சரியாக இயங்காது. கோடை விடுமுறையில் டோட்டோ அவனைத் தன் மரத்துக்கு விருந்தாளியாக அழைக்கிறாள். முதலில் சாதாரண ஏணி; ஏற முடியவில்லை. பிறகு இரட்டைக் கால் ஏணியைத் தேடி இழுத்து வந்து, ஒவ்வொரு படியாக அவனைத் தள்ளி ஏற்றி, கடைசியில் மரத்தின் மேலிருந்து இழுத்துச் சேர்க்கிறாள். புத்தகத்திலேயே மூச்சைப் பிடித்துக் கேட்க வைக்கும் பகுதி இதுதான். என் வகுப்பிலோ கால் இழுத்து நடக்கும் பையன் இருக்கிறான். தயாரிப்பு இல்லாமல் வாசித்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததே. போலியோ என்ற சொல் வந்ததும் இருபது தலை அவன் பக்கம் திரும்பும், அதோடு அவனுக்குக் கதை முடிந்தது.

இரண்டு நாள் முன்னால் அவனைத் தனியாக உட்கார வைத்துக் கதையைச் சொன்னேன். “இதை வகுப்புல வாசிக்கலாம்னு இருக்கேன். உனக்கு எப்படி இருக்கும்?” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவன் ஏறிருவானுங்களா?” என்றான். ஏறிவிடுவான் என்றேன். “அப்ப வாசிங்க டீச்சர்.” அன்று அவனை அரைவட்டத்தின் நடுவில் உட்கார வைக்கவில்லை, ஓரத்தில், என் பக்கவாட்டில். மற்றவர்கள் பார்வை புத்தகத்தின் மேல் இருக்க, அவன் அவர்களைப் பார்க்கலாம், அவர்கள் அவனைப் பார்க்க உடம்பைத் திருப்ப வேண்டும். நிறுத்தியது முதல் ஏணி தோற்ற இடத்தில். கேள்வியை யாசுவாகியைப் பற்றிக் கேட்கவில்லை. “இப்ப டோட்டோகிட்ட என்ன இருந்தா வேலை நடக்கும்?” என்றேன். பேச்சு கயிறு, கட்டில், பொக்லைன் என்று போயிற்று. பரிதாபத்துக்கு இடம் கொடுக்காத கேள்வியாக இருக்க வேண்டும் என்பதற்காகவே முந்தின நாள் வெகுநேரம் யோசித்திருந்தேன். அந்தப் பையன் சொன்ன யோசனை வகுப்பில் ஒருவருக்கும் தோன்றாதது: “மேல ஏத்தறது பெருசில்ல, எறங்கறப்பத்தான் கஷ்டம். அதுக்கும் ஏணி அங்கயே இருக்கோணும்.” அவனுக்குத்தான் அது தெரியும்.

மற்றது, மசாவோ என்ற கொரியப் பையன் வரும் அத்தியாயம். அவன் டோட்டோவைப் பார்த்துக் ‘கொரியன்’ என்று வசவுபோல் கத்துகிறான். அவனை எல்லாரும் அப்படிக் கத்தியதால் அது ஒரு கெட்ட வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். டோட்டோவின் அம்மா இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்குகிறது. எங்கள் பள்ளி மைதானத்தில் ‘இந்திக்காரா’ என்ற குரல் எந்தத் தொனியில் எழும் என்று எனக்குத் தெரியும். அந்த அத்தியாயத்தில் நிறுத்தவே இல்லை. வட்டம் போடவில்லை, கேள்வி கேட்கவில்லை, ஜோடிப் பேச்சு இல்லை. வாசித்து முடித்துவிட்டு வழக்கம்போல் நோட்டை எடுக்கச் சொன்னேன். இந்த மாதிரி இடத்தில் நாம் நீதி பேச ஆரம்பித்தால் கத்தியவர்கள் தற்காப்புக்குப் போவார்கள், கத்தப்பட்டவன் கூனிக் குறுகுவான். இரண்டு பேரும் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் அல்லவா? அதன் பிறகு கத்துவது நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். குறைந்தது. ஒருநாள் மைதானத்தில் ஒருவன் கத்த, இன்னொருத்தி “மசாவோ” என்று மட்டும் சொன்னதைக் கேட்டேன்.

நோட்டு என்றேன் அல்லவா, அது தினம் கடைசி ஐந்து நிமிடம். இன்று காதில் விழுந்ததில் ஒன்றை வரையலாம், ஒரு சொல் எழுதலாம், ஒரு வாக்கியம் எழுதலாம், நாளைக்கு என்ன நடக்கும் என்று எழுதலாம். எதைச் செய்வது என்பது அவர்கள் விருப்பம். நான் சிவப்புப் பேனா தொடுவதில்லை. எழுத்துப் பிழைக்கு வேறு நேரம் இருக்கிறது. யார் கதையோடு இருக்கிறார்கள் என்று எனக்குக் காட்டிக்கொடுப்பது இந்த நோட்டுதான். மலர் நிலையில் இருக்கும் ஒரு பெண் தினம் “கதை அருமையாக இருந்தது” என்று அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். கதையில் அவள் இல்லவே இல்லை என்பது அதிலிருந்துதான் தெரிந்தது. அவளுக்கு நாய் பிடிக்கும் என்று தெரிந்ததும் ராக்கி வரும் பக்கங்களை முன்கூட்டியே சொல்லி வைத்தேன். களிமண் பையனின் நோட்டிலோ ஏணியின் படிகள் எல்லாம் எண்ணி வரையப்பட்டிருந்தன.

கடலிலிருந்து ஒன்று, மலையிலிருந்து ஒன்று என்று டோட்டோவின் பள்ளிச் சாப்பாட்டு டப்பாவில் இருக்க வேண்டும். அதை வாசித்த பிறகு சத்துணவு வரிசையில் முட்டை கடலா மலையா என்ற சண்டை ரொம்ப நாள் ஓடியது. கோழி நிலத்தில் மேய்வதால் மலைதான் என்று சத்துணவு அக்கா தீர்ப்புச் சொன்னார். உப்பு மட்டும் கடல் என்று அவரே சேர்த்துக்கொண்டதால் எங்கள் பள்ளிச் சாப்பாடும் கணக்கில் பாஸ்.

தலைப்புகளைக் கவனியுங்கள். சில அத்தியாயங்களின் தலைப்பே நடப்பதைச் சொல்லிவிடும். யாசுவாகி இறந்துபோவது அப்படித்தான், தலைப்பிலேயே இருக்கிறது. அதை வாசிக்காமல் நேரே முதல் வரிக்குப் போனேன். அந்த அத்தியாயத்தை வெள்ளிக்கிழமையிலோ கடைசி மணி நேரத்திலோ வைக்கக் கூடாது. அப்பாவை இழந்த ஒரு பெண் வகுப்பில் உண்டு, அவள் அதைச் சுமந்துகொண்டு இரண்டு நாள் வீட்டில் உட்காரக் கூடாது. செவ்வாய்க்கிழமை காலையில், வழக்கத்துக்கு மாறாக, வாசித்தேன். அவள் பாட்டியிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன். அன்று ஜோடிப் பேச்சு இல்லை. வேண்டியவர்கள் வரையலாம், வேண்டியவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் உட்காரலாம் என்றேன். அவள் வெளியே போகவில்லை, அந்தப் பத்தியை மறுபடி வாசிக்கச் சொன்னாள். நாய் ராக்கி காணாமல் போவதும் அதற்குக் கொஞ்சம் பின்னாலேயே வருகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள அத்தியாயங்களை நிதானமாக, நாளுக்கு ஒன்று என்று மட்டும் வாசித்து இடைவெளி விட்டேன்.

இடையில் பயிற்சி வகுப்பு, பருவத் தேர்வு, மழை விடுமுறை என்று நூல் அறுபடும். நீண்ட விடுமுறைக்குப் பின் புது அத்தியாயத்துக்குப் போகாமல், பிள்ளைகள் கேட்கும் பழைய அத்தியாயம் ஒன்றை முதல் நாள் திருப்பி வாசிக்கலாம். எங்கள் வகுப்பில் ஒவ்வொரு தடவையும் ஓட்டு விழுந்தது கக்கூஸ் அத்தியாயத்துக்குத்தான். பழகிய பக்கம் என்பதால் அன்று டோட்டோவின் பேச்சுகளை மட்டும் மொட்டு நிலைப் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். காதில் ஏற்கெனவே இருக்கும் வரியைக் கண்ணால் பிடிப்பது அவர்களுக்குச் சுலபம்.

கடைசிப் பக்கங்களில் 1945 குண்டுவீச்சில் பள்ளி எரிந்துபோகிறது. எரிவதைப் பார்த்தபடியே கோபயாஷி அடுத்து எப்படிப்பட்ட பள்ளி கட்டலாம் என்று தன் மகனிடம் கேட்கிறார். அதற்கு மறுநாளே புதுப் புத்தகம் தொடங்கச் சொல்லிச் சக ஆசிரியை ஒருவர் யோசனை சொன்னார். நான் ஒரு வாரம் விட்டேன். அந்த வாரம் அதே இருபது நிமிடத்தில் புத்தகம் ஜமக்காளத்தின் நடுவில் கிடந்தது, யார் வேண்டுமானாலும் எடுத்து எந்தப் பக்கத்தையும் புரட்டலாம். ஒரே பிரதிக்கு இழுபறி வந்ததால் இன்னும் இரண்டு வாங்கிப் போட்டேன். அடுத்த புத்தகத்துக்கு ஆரம்பத்திலேயே மூன்று பிரதி வாங்குவதாக இருக்கிறேன்: ஒன்று எனக்கு, பென்சில் போட, ஒன்று அவசரக்காரர்களுக்கு, ஒன்று வீட்டுக்குக் கொண்டுபோக.